ப்ளே ஸ்கூல் ஆரம்பிக்கணுமா? முதல்ல அந்த டிப்ளமோ ரசீதைக் காட்டுங்க!

தூத்துக்குடியில பாளையங்கோட்டை ரோட்ல ஒரு ரவுண்டு போனா, கம்பத்துக்குக் கம்பம் ஒரு போஸ்டர் கண்ணில் படும். "மாண்டிசோரி டீச்சர் ட்ரெயினிங், 6 மாதம், வார இறுதி வகுப்பு, அரசு அங்கீகாரம் பெற்றது". இன்னைக்கு நாம பார்க்கப்போறது அந்தக் கடைசி மூணு வார்த்தையைத்தான்.

ஏன்னா நம்ம வாசகர்கள்ல நிறைய பேர் இந்தத் திட்டத்தோட இருக்கீங்க. ஷிப்பிங் கம்பெனியிலயோ, கன்டெய்னர் யார்டுலயோ, பேங்க்லயோ வேலை. கையில் கொஞ்சம் சேமிப்பு. "சார், நானோ என் மனைவியோ ஒரு டீச்சர் கோர்ஸ் முடிச்சுட்டு, பிரையன்ட் நகர் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ப்ளே ஸ்கூல் போட்டா வொர்க் அவுட் ஆகுமா?" ஆகலாம். ஆனா முதல் செலவே அந்தக் கோர்ஸ் ஃபீஸ்தான். அங்கேயே பணம் தப்பான இடத்துக்குப் போயிடக் கூடாது.

டிப்ளமோன்னு யார் வேணும்னாலும் எழுதலாம்

இது பல பேருக்குத் தெரியாத விஷயம். "டிகிரி" என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. 1956-ம் வருட யு.ஜி.சி. சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, பல்கலைக்கழகங்களும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டும்தான் டிகிரி கொடுக்க முடியும். "டிப்ளமோ"வுக்கு அந்தப் பிரிவில் அப்படி ஒரு வேலி கிடையாது. மாடியில் ரெண்டு ரூம் எடுத்து, ஒரு டிரஸ்ட் பதிவு பண்ணி, கோல்டு எழுத்துல சான்றிதழ் அடிச்சுக் கொடுத்தாலும் அதன் பேர் டிப்ளமோதான்.

அப்போ "அரசு அங்கீகாரம்"னு எதை வச்சுச் சொல்றாங்க? கேட்டா ஒரு ஃபைலைக் காட்டுவாங்க. உள்ளே பார்த்தா டிரஸ்ட் பதிவுப் பத்திரம், உத்யம் பதிவு, ஐ.எஸ்.ஓ. சான்று, சில நேரம் டிரேட்மார்க் சான்று. எல்லாமே உண்மையான காகிதங்கள்தான், பொய் இல்லை. ஆனா உத்யம் சொல்றது "இது ஒரு சிறுதொழில்" என்பதை. ஐ.எஸ்.ஓ. சொல்றது நிர்வாக முறையைப் பத்தி. ஒரு டீக்கடையும் இந்த நாலையும் வாங்கலாம். இதுல ஒண்ணுகூட அந்தக் கோர்ஸைப் பத்திப் பேசலை.

கோர்ஸைப் பத்திப் பேசுற அமைப்பு ஒண்ணு இருக்கு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ. 1993-ம் வருடச் சட்டத்தின் கீழ் வந்தது. இதன் 2014 விதிமுறைகளில் மழலைக் கல்விக்குன்னே ஒரு படிப்பு இருக்கு: டி.பி.எஸ்.இ., அதாவது முன்பள்ளிக் கல்வி டிப்ளமோ. ரெண்டு வருடம், நேரடி வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீத மதிப்பெண் வேணும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பள்ளியில் போய் குழந்தைகளோட இருந்து பயிற்சி எடுக்கிறது பாடத்திட்டத்திலேயே கட்டாயம். நம்ம ஊரில் எல்லாரும் சொல்ற "என்.டி.டி." எனும் நர்சரி டீச்சர் ட்ரெயினிங் இந்த வகையின் பழைய பேர். பேர் மட்டும் ஊர் முழுக்க இருக்கு. குழுமத்தின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கான்னுதான் பார்க்கணும்.

பார்க்கிறது ரொம்ப ஈஸி. ncte.gov.in தளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கு. நம்ம தமிழ்நாடு தென் மண்டலக் குழுவின் கீழ் வரும். கல்லூரி பேர் இருந்தா மட்டும் போதாது. எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் என்ற கட்டத்தையும் பாருங்க. பி.எட்.டுக்கு அங்கீகாரம் வாங்கிய கல்லூரி, அதே போர்டின் கீழே ஒரு மழலை டிப்ளமோவையும் சேர்த்து விற்கலாம். அந்த டிப்ளமோவுக்கு அந்த அங்கீகாரம் ஒட்டாது.

சி.ஏ.வா ஒரு குறுக்கு வழி சொல்றேன்

தளத்தைத் தேடுறதுக்கு முன்னாடியே ஒரு டெஸ்ட் பண்ணலாம். ஃபீஸ் ரசீதைக் கேளுங்க. இல்லைன்னா, ஃபீஸ் எவ்வளவு, அதில் ஜி.எஸ்.டி. உண்டான்னு வாட்ஸ்அப்ல எழுத்தில் கேளுங்க.

காரணம் இதுதான். ஜி.எஸ்.டி.யில் கல்வி நிறுவனத்துக்கு விலக்கு இருக்கு. 2017-ம் வருட 12-ம் எண் அறிவிக்கையில் "கல்வி நிறுவனம்"னா என்னன்னு வரையறை கொடுத்திருக்காங்க. முன்பள்ளியிலிருந்து மேல்நிலை வரையிலான கல்வி அதில் வரும். அதோட, நடைமுறையில் உள்ள ஏதாவது ஒரு சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்ட தகுதியைப் பெறுவதற்கான பாடத்திட்டக் கல்வியும் வரும். அந்த ரெண்டாவது வரியைத் திரும்பப் படிங்க. சட்டம் அங்கீகரிச்ச தகுதின்னா வரி இல்லை. இல்லாத தகுதின்னா, அது வெறும் கோச்சிங் சேவை. 18 சதவீதம்.

அப்போ ஒரு இன்ஸ்டிடியூட் 30,000 ரூபாய் ஃபீஸுக்கு மேல 5,400 ரூபாய் வரி போட்டு 35,400-க்கு ரசீது கொடுத்தா என்ன அர்த்தம்? போஸ்டர்ல "அரசு அங்கீகாரம்"னு சொன்னவங்களே, அரசாங்கத்துக்குத் தாக்கல் பண்ற கணக்குல "எங்க சான்றிதழ் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டது இல்லை"ன்னு சொல்லிட்டாங்கன்னு அர்த்தம். போஸ்டரைவிட ரிட்டர்னை நம்பலாம்.

ஆனா இதைத் தலைகீழாத் திருப்பிப் போட்டுடாதீங்க. ரசீதில் ஜி.எஸ்.டி. இல்லைங்கிறதாலேயே அங்கீகாரம் இருக்குன்னு ஆகாது. வருடத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே வரவு இருந்தா அவங்க பதிவே பண்ணத் தேவையில்லை. சின்ன இன்ஸ்டிடியூட்டுகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளதான் இருக்கும். சில தொழிற்பயிற்சிக் கோர்ஸ்களுக்குத் தனி விலக்கும் இருக்கு. வரி இருந்தா சந்தேகம் உறுதி. வரி இல்லைன்னா இன்னும் விசாரிக்கணும், அவ்வளவுதான்.

அப்போ அங்கீகாரம் இல்லாத கோர்ஸ் எல்லாமே வேஸ்ட்டா?

இல்லைங்க. இங்கேதான் ரெண்டு கேள்வியைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒண்ணு, இந்தக் காகிதத்தை அதிகாரி ஏத்துக்குவாரா? இன்னொண்ணு, இந்தக் கோர்ஸ் முடிச்சா மூணு வயசுக் குழந்தைங்க இருபது பேரைச் சமாளிக்கத் தெரியுமா?

மாண்டிசோரி இதுக்கு நல்ல உதாரணம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் பயிற்சி கொடுத்தவர். போர் காரணமா வருடக்கணக்கில் இந்தியாவிலேயே தங்க வேண்டியதாச்சு, கொடைக்கானலிலும் இருந்தார். அவர் 1929-ல் தொடங்கிய ஏ.எம்.ஐ. எனும் சர்வதேச அமைப்பின் டிப்ளமோ உலகம் முழுக்க மதிக்கப்படுது. அதில் உபகரணங்களைக் கையாளும் பயிற்சி, குழந்தைகளை உட்கார்ந்து கவனிச்சுக் குறிப்பு எழுதுறது, கண்காணிப்போட வகுப்பு எடுக்கிறது, ஒவ்வொரு செயல்பாட்டையும் தன் கையால் எழுதிச் சேர்க்கும் ஆல்பம்னு கடுமையான வேலை. ஆனா "மாண்டிசோரி"ங்கிற பேரை இங்கே யாரும் தடுக்கிறதில்லை. ஆறு வார ஆன்லைன் கோர்ஸுக்கும் அதே பேர், ஏ.எம்.ஐ. கோர்ஸுக்கும் அதே பேர். அதனால "மாண்டிசோரி முடிச்சிருக்கேன்"னு யாராவது சொன்னா, "எந்த அமைப்பு? குழந்தைகளோட எத்தனை மணி நேரம்?"னு கேளுங்க. ரெண்டாவது கேள்விக்குப் பதில் வரலைன்னா, முதல் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் பிரயோஜனம் இல்லை.

வேலையை விடாமப் படிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இக்னோவின் டி.இ.சி.இ. டிப்ளமோ இருக்கு. பன்னிரண்டாம் வகுப்பு போதும், குறைந்தது ஒரு வருடம், ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு தடவை சேர்க்கை. குழந்தைகள் நலம், சத்துணவு, குழந்தைகள் மையத்தை நடத்துறதுன்னு பாடங்கள், அதோட புராஜெக்ட் வேலை. மத்தியப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ் என்பதால காகிதத்தின் நம்பகத்தன்மை பத்தி யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனா இதுவும் டி.பி.எஸ்.இ.யும் ஒண்ணு இல்லை. இது தொலைதூரக் கல்வி. அது நேரடி ஆசிரியர் பயிற்சி. சொந்தமா ப்ளே ஸ்கூல் நடத்துற ஒருத்தருக்கு இது நல்ல ஆரம்பம். பக்கத்தில் ஒரு நல்ல பள்ளியில் மூணு மாசமாவது உதவி ஆசிரியரா நின்னு கத்துக்கிட்டா, அதில் இருக்கிற குறை பாதி தீரும்.

"எனக்கு ஏற்கனவே பி.எட். இருக்கே?" நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு பி.எட். உண்டு, அதனால இந்தக் கேள்வி வந்தே தீரும். பி.எட். பெரிய வகுப்புகளுக்கான படிப்பு. ஒண்ணாம் வகுப்பு முதல் அஞ்சாம் வகுப்பு ஆசிரியர் பணிக்கே பி.எட். தகுதி ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட்டில் சொல்லிடுச்சு. அதுக்கும் கீழே இருக்கிற மழலைக்கு அதை மட்டும் நம்பிப் போகாதீங்க. டி.எல்.எட்., அதாவது பழைய ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், பி.எட்.டைவிட நெருக்கமான தகுதி. 2019-ல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினப்பவும், பாடம் நடத்த இடைநிலை ஆசிரியர்களைத்தான் முதலில் அனுப்பினாங்க.

அதிகாரி யார், அவர் என்ன பார்ப்பார்

ஆசிரியர் தகுதி ஒரு பகுதிதான். 2015-ல் தமிழக அரசு ப்ளே ஸ்கூல்களுக்குன்னே தனி நெறிமுறைத் தொகுப்பு கொண்டுவந்தது. இப்போ நீங்க போக வேண்டியது தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகம். கோர்ஸில் சேருறதுக்கு முன்னாடியே ஒரு நாள் லீவு போட்டுப் போயிட்டு வாங்க. நீங்க சேர நினைக்கிற டிப்ளமோவின் பேரையும் நிறுவனத்தின் பேரையும் ஒரு தாளில் எழுதி, "இது ப்ளே ஸ்கூல் ஆசிரியர் தகுதியா ஏற்கப்படுமா?"ன்னு மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கோங்க. வாய்மொழியா "ஆகும், ஆகும்"னு சொல்றதைக் கேட்டுட்டு ஃபீஸ் கட்டாதீங்க. பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வரணும்.

கட்டடத்துக்கு நாலு சான்று கேட்பாங்க: கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்புத் துறை தடையின்மை, சுகாதாரம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்ததுக்கு அப்புறம் இதில் யாரும் வளைஞ்சு கொடுக்க மாட்டாங்க, கொடுக்கவும் கூடாது. அதனால வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, ஓனர் பள்ளிப் பயன்பாட்டுக்குக் கையெழுத்துப் போடுவாரான்னு கேட்டுக்கோங்க. மாடி வீடா இருந்தா அப்பவே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

சரி, கணக்குக்கு வருவோம்

நீங்களே டிப்ளமோ படிக்கணுமா, இல்லை படிச்ச டீச்சரை வேலைக்கு வச்சுக்கலாமா? ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் நான் வச்சதுதான், உங்க தெரு நிலவரப்படி மாத்திக்கோங்க.

30 குழந்தைகள், வருட ஃபீஸ் தலைக்கு 18,000. மொத்த வரவு 5,40,000. ப்ளே ஸ்கூல் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, முன்பள்ளிக் கல்வி விலக்கில் வருது. குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல்படி 20 குழந்தைக்கு ஒரு ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேணும். அதைவிடக் கறாரா 15-க்கு ஒருவர்னு வச்சாலும் 30 பேருக்கு ரெண்டு ஆசிரியர்தான். தலைக்கு மாசம் 10,000 சம்பளம்னா வருடத்துக்கு 2,40,000. ஆயா ரெண்டு பேர், பகுதி நேரம், சேர்த்து மாசம் 6,000, வருடம் 72,000. வாடகை மாசம் 12,000, வருடம் 1,44,000. கரண்ட், விளையாட்டுப் பொருள், பழுது, காப்பீடு எல்லாம் 60,000. கூட்டினா செலவு 5,16,000. மிச்சம் வருடத்துக்கு 24,000. மாசம் ரெண்டாயிரம்!

இப்போ அந்த ரெண்டு ஆசிரியரில் ஒருத்தர் நீங்களே, தகுதியோட. சம்பளத்தில் 1,20,000 வெளியே போகலை. மிச்சம் 1,44,000. ஆக, இந்தக் கணக்கில் லாபத்தின் பெரும்பகுதியே உங்க டிப்ளமோவில் இருந்துதான் வருது. இன்னொரு பக்கமும் பாருங்க: ரெண்டு பேரும் வேலைக்கு வந்தவங்களா இருந்து, நவம்பரில் ஒருத்தர் பெரிய ஸ்கூல் ஆஃபர் வந்து கிளம்பிட்டா, அன்னைக்கே உங்க பள்ளி விதிப்படி ஆள் இல்லாத பள்ளி. தகுதி உங்க கையிலேயே இருந்தா புது ஆள் கிடைக்கிற வரை நீங்க வகுப்பில் நிற்கலாம்.

நம்ம கடற்கரைக்குன்னு ஒரு சிக்கலும் இருக்கு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ப்ளே ஸ்கூல் சேர்க்கை ஃபீஸ் கேட்கிறதும் சரியா அதே ரெண்டு மாசம். திரேஸ்புரம் பக்கம் பள்ளி போட்டுட்டு, ஜூன் முதல் வாரம் முழு டேர்ம் ஃபீஸைக் கேட்டா எங்கே இருந்து வரும்? உப்பளத்தில் வேலை பார்க்கிற வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கஷ்டகாலம். ஃபீஸைப் பத்துத் தவணையாப் பிரிச்சு, குறைந்தது மூணு மாசச் செலவான 1,29,000-ஐத் தனியா எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க.

கணவன் பணம், மனைவி டீச்சர்: இங்கே ஒரு வரிக் கண்ணி

நான் அதிகமாப் பார்க்கிற அமைப்பு இது. கணவர் சம்பளக்காரர். ப்ளே ஸ்கூல் அவர் பேர்ல, அவர் முதல்ல. மனைவி தலைமை ஆசிரியை, மாசம் 10,000 சம்பளம்னு கணக்கில் எழுதுறாங்க. மனைவிக்கு வேற வருமானம் இல்லை, அதனால வரி வராதுன்னு நினைப்பு.

வருமான வரியில் சேர்ப்பு விதின்னு ஒண்ணு இருக்கு. 1961 சட்டத்தில் அது 64-வது பிரிவா இருந்தது. கணவருக்குக் கணிசமான பங்கு இருக்கிற தொழிலிலிருந்து மனைவி வாங்கும் சம்பளம், கணவரின் வருமானத்தோட சேர்க்கப்படும். இதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு: மனைவிக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருக்கணும், அந்தச் சம்பளம் முழுக்க அந்த அறிவையும் அனுபவத்தையும் பயன்படுத்தி வந்ததா இருக்கணும். கணவர் 20 சதவீத அடுக்கில் இருந்தா, 1,20,000 சம்பளத்துக்கு செஸ்ஸோட சேர்த்து வருடம் 24,960 ரூபாய் வித்தியாசம்.

தகுதின்னா கட்டாயம் சான்றிதழ்தான் இருக்கணும்னு இல்லை, அனுபவத்தையும் ஏத்துக்கலாம்னு நீதிமன்றம் சொன்ன வழக்கு உண்டு. ஆனா வழக்காடி ஜெயிக்கிறதைவிட, ஒரு டிப்ளமோவும், நியமன உத்தரவும், வருகைப் பதிவும், வகுப்புக் குறிப்பேடும், பேங்க் வழியாப் போன சம்பளமும் ஃபைலில் இருக்கிறது சுலபம். சான்றிதழின் தேதியையும் பாருங்க. 2026 ஏப்ரலில் சம்பளம் ஆரம்பிச்சு, டிப்ளமோ 2027-ல் முடிஞ்சிருந்தா, நடுவில் இருக்கிற மாசங்களுக்கு அந்தக் காகிதம் உதவாது. "மனைவி பேர்லயே தொழிலை ஆரம்பிச்சு நான் பணம் கிஃப்ட் பண்ணிடறேன்"னாலும் அதே பிரிவின் இன்னொரு உட்பிரிவு வரும். அந்த முதல் பங்குக்கான லாபம் உங்க தலையில்தான். நியாயமான வட்டிக்கு, எழுத்தில், பேங்க் வழியாக் கடனாக் கொடுக்கிறது சுத்தம்.

கோர்ஸ் ஃபீஸுக்கு பேங்க் கல்விக் கடன் எடுத்தா, வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். உங்களுக்கோ, மனைவிக்கோ, கணவருக்கோ, பிள்ளைகளுக்கோன்னா கிடைக்கும். தங்கச்சிக்காக நீங்க எடுத்தா கிடைக்காது. நகைக்கடன் வாங்கி ஃபீஸ் கட்டினா அது கல்விக் கடன் ஆகாது, கழிவும் வராது.

அடுத்த ஜூனில் பள்ளி திறக்கணும்னா, இந்த மாசமே கல்வி அலுவலகத்தில் அந்த மனுவைக் கொடுத்துடுங்க. ஜனவரி சேர்க்கையில் டி.இ.சி.இ. சேர்ந்தா திறக்கிறப்போ பாதிதான் முடிஞ்சிருக்கும். அந்த வருடத்துக்குத் தகுதியுள்ள ரெண்டு ஆசிரியர் சம்பளத்தையும் பட்ஜெட்டில் போட்டு, நான் காட்டின அந்த மாசம் ரெண்டாயிரம் கணக்கோடதான் முதல் வருடத்தை ஓட்டணும்.